டி.சி. கையில் வாங்குவதற்கு முன்னும் பின்னும்: மலைப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க ஆவணங்களைத் தயார் செய்யும் வரிசை

கோத்தகிரிப் பக்கம் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் உட்கார்ந்து பல வருடங்கள் சேர்க்கை விண்ணப்பம் வாங்கியிருக்கிறேன். ஆவணம் எதையும் கொண்டுவராமல் வருகிறவர்கள் குறைவு. ஒரு பிளாஸ்டிக் கவர் நிறையக் கொண்டுவருவார்கள். ஆனால் கவருக்குள் இருக்கும் காகிதங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. ஒன்றில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறு எழுத்து, மூன்றாவதில் வேறு பிறந்த தேதி. கீழே நான் எழுதுவது, வேறு ஊரில் படித்துக்கொண்டிருந்த பிள்ளையை இங்கே ஒன்று முதல் எட்டு வரை ஏதோ ஒரு வகுப்பில் சேர்க்க வரும் குடும்பத்துக்கானது. எல்.கே.ஜி. சேர்க்கைக்கு டி.சி. கிடையாது, பிறப்புச் சான்றிதழும் தடுப்பூசி அட்டையும் போதும்.

ஒரு பிள்ளையின் கதையை உடன் வைத்துக்கொள்வோம். பெயர் தர்ஷினி என்று இருக்கட்டும், உண்மைப் பெயர் வேறு. மேட்டுப்பாளையம் பக்கம் ஐந்தாம் வகுப்பு முடித்தவள். அப்பாவுக்கு கோத்தகிரியில் தேயிலை ஃபேக்டரியில் வேலை கிடைத்து குடும்பம் மேலே வந்தது. ஆறாம் வகுப்பில் சேர வேண்டும்.

1. புதுப் பள்ளியில் இடம் உறுதியான பிறகே டி.சி.க்கு எழுதிக் கொடுங்கள்

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வீடு மாறப்போகிறோம் என்றதும் முதல் வேலையாக டி.சி.யை வாங்கிவிடுகிறார்கள். டி.சி. போட்ட நிமிடம் பிள்ளையின் பெயர் பழைய பள்ளியின் வருகைப் பதிவேட்டில் இருந்து போய்விடும். புதுப் பள்ளியில் அந்த வகுப்பில் இடம் இல்லை என்றால் பிள்ளை எந்தப் பள்ளியிலும் இல்லாமல் நிற்கும்.

அதனால் முதலில் புதுப் பள்ளிக்கு ஒரு நடை வாருங்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள்: அந்த வகுப்பில் இடம் இருக்கிறதா, பயிற்று மொழி எது, இரண்டாவது கேள்வியோடு சேர்ந்த மூன்றாவது, முதல் மொழியாக என்ன படிக்க வேண்டும். இடம் உண்டு என்று தலைமையாசிரியர் சொன்ன பிறகு டி.சி.க்கு மனு கொடுங்கள்.

இன்னொன்று, காலம். ஏப்ரல் கடைசியில் தேர்வு முடிந்து பள்ளி மூடிவிட்டால் மே மாதம் அலுவலகம் எல்லா நாளும் திறந்திருக்காது. மனுவை ஏப்ரலிலேயே கொடுத்து, எந்தத் தேதியில் வந்து வாங்கலாம் என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் வாரம் போனால் அங்கேயும் கூட்டம், இங்கேயும் கூட்டம்.

2. டி.சி.க்கு முன்னால் பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் ஆதார், பழைய பள்ளியின் பதிவு ஆகிய மூன்றையும் மேசைமேல் வைத்து நான்கு விஷயங்களைப் பாருங்கள்: பெயரின் எழுத்து, இனிஷியல், பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர். பள்ளிப் பதிவை எப்படிப் பார்ப்பது? வகுப்பாசிரியரிடம் கேட்டால் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் பிள்ளையின் விவரம் எப்படி இருக்கிறது என்று காட்டுவார். மதிப்பெண் அட்டையின் மேல்பகுதியிலும் பெரும்பாலும் அதே விவரம்தான் இருக்கும்.

மூன்றில் எது சரி என்று சண்டை வந்தால் பிறப்புச் சான்றிதழே மூலம். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்கு, பள்ளிச் சேர்க்கையில் பிறந்த தேதிக்கு அது ஒன்றுதான் ஆதாரம் என்று சட்டத் திருத்தமே வந்துவிட்டது. அதற்கு முன் பிறந்தவர்களுக்கும் நடைமுறையில் நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

தர்ஷினியின் பிறப்புச் சான்றிதழில் தேதி 03.11.2014. பள்ளிப் பதிவில் 11.03.2014. யாரோ நாளையும் மாதத்தையும் இடம் மாற்றி எழுதிவிட்டார்கள். எந்தத் தேதியை எடுத்துக்கொண்டாலும் ஐந்தாம் வகுப்பு வயதுக்குப் பொருந்துவதால் ஐந்து வருடமாக யார் கண்ணிலும் படவில்லை. நாள் 12க்கு மேல் இருந்தால் இப்படிப்பட்ட தவறு தானாகவே வெளியே தெரிந்துவிடும். பிறந்த நாள் 12க்குள் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கூடுதலாக ஒருமுறை பார்ப்பது நல்லது.

இனிஷியலில் எங்கே சிக்கல் வரும் என்றால், இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதில் இல்லை. அப்பாவை வேலையிடத்தில் குமார் என்று கூப்பிடுவார்கள், அட்டையில் ரமேஷ்குமார் என்று இருக்கும். பள்ளியில் சேர்க்கும்போது யாரோ வாயால் சொன்ன பெயரை வைத்து கு. என்று எழுதியிருப்பார்கள். ஆதாரில் ர. என்று இருக்கும். எழுத்தே வேறு என்றால் அதைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

சில பிறப்புச் சான்றிதழ்களில் பெயர் என்ற இடமே காலியாக இருக்கும். பிறந்த உடனே பதிவு செய்து, பெயர் வைத்த பிறகு மறுபடி போகாததால் வருவது. எங்கே பிறப்பைப் பதிந்தார்களோ அந்தப் பதிவு அலுவலகத்தில்தான் பெயரைச் சேர்க்க முடியும். எஸ்டேட் குடும்பங்களில் பிரசவம் தாய் வீட்டில் நடந்திருக்கும். பதிவும் அந்த ஊரில்தான் இருக்கும். கோத்தகிரியில் அலைந்து பயனில்லை.

3. திருத்த வேண்டியதை இந்த வரிசையில் திருத்துங்கள்

முதலில் பிறப்புச் சான்றிதழ். அதை வைத்து ஆதார். இரண்டையும் வைத்துப் பழைய பள்ளியின் பதிவு. கடைசியில் டி.சி. ஒவ்வொன்றும் அதற்கு முந்தையதை ஆதாரமாகக் கேட்கும் என்பதால்தான் இந்த வரிசை.

ஆதாரில் பிறந்த தேதியை ஒருமுறைதான் மாற்றலாம், பெயரை இரண்டு முறை. அவசரத்தில் போய் அரைகுறையாக மாற்றிவிட்டு வந்தால் அந்த வாய்ப்பு வீணாகும். ஐந்து வயதுக்குள் எடுத்த நீல நிற ஆதாரில் கைரேகை, கருவிழிப் பதிவு இருக்காது. ஐந்து வயது முடிந்ததும் ஒருமுறை, பதினைந்தில் ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். பெயர் திருத்தப் போகும்போதே அதையும் முடித்துவிட்டு வந்தால் இன்னொரு நாள் கூலி மிச்சம்.

பழைய பள்ளியில் தலைமையாசிரியருக்கு ஒரு மனு, கூட பிறப்புச் சான்றிதழ் நகல், ஆதார் நகல். சேர்த்த நாளில் கொடுத்த பிறப்புச் சான்றிதழ் நகல் அவர்கள் கோப்பிலேயே இருந்தால் இன்னும் எளிது, எழுத்துப் பிழை என்று அப்போதே தெரிந்துவிடும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இந்தப் பதிவில் இருக்கும் பெயரும் தேதியும்தான் அச்சாகி வரும். அதற்கு அப்புறம் திருத்துவது நீண்ட நடை. ஐந்தாம் வகுப்பில் ஒரு மனுவோடு போகிற வேலை இது.

4. டி.சி.யை வாங்கிய மேசையிலேயே நின்று படியுங்கள்

வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள். பார்க்க வேண்டியவை இவை.

பிறந்த தேதி எண்ணாலும் எழுத்தாலும் இருக்கும். இரண்டும் ஒன்றுதானா என்று பாருங்கள். எண் சரியாக இருந்து எழுத்து தவறாக இருந்த டி.சி.க்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மேல் வகுப்புக்குத் தகுதி பெற்றாரா என்ற இடம். இது காலியாக இருந்தாலோ, படித்துக்கொண்டிருக்கிறார் என்று இருந்தாலோ, ஆறாம் வகுப்பில் சேர்க்கலாமா ஐந்திலேயே வைப்பதா என்ற கேள்வி எங்கள் பக்கம் வரும். தேர்வு முடிவு பதிவாகும் முன்னால் டி.சி. வாங்குகிறவர்களுக்கு இது நடக்கும்.

அங்க அடையாளங்கள் இரண்டு. மச்சம், தழும்பு. முதல் வகுப்பில் எழுதியதையே நகலெடுத்திருப்பார்கள். பிள்ளையின் கையில் நிஜமாகவே அந்த மச்சம் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். தர்ஷினியின் டி.சி.யில் இடது முழங்கையில் தழும்பு என்று இருந்தது. தழும்பு வலது முழங்கையில். சின்ன விஷயம்தான், பேனாவால் ஒரு நிமிட வேலை, ஆனால் அதையும் அந்தப் பள்ளியில்தான் செய்ய முடியும்.

கடைசியாகப் பள்ளிக்கு வந்த தேதி, டி.சி. கொடுத்த தேதி, தலைமையாசிரியர் கையெழுத்து, பள்ளி முத்திரை. அடித்தல் திருத்தல் இருந்தால் அதன் பக்கத்திலேயே தலைமையாசிரியரின் சுருக்கொப்பமும் முத்திரையும் இருக்க வேண்டும். வெறும் ஒயிட்னர் பூசியிருந்தால் எந்தப் பள்ளியும் யோசிக்கும்.

வாங்கிய டி.சி.யை லேமினேட் செய்யாதீர்கள். மலையில் ஈரம் என்று பயந்து நல்ல எண்ணத்தில் செய்துகொண்டு வருகிறார்கள். அதன்மேல் நாங்கள் சேர்க்கை எண் எழுத முடியாது, முத்திரை வைக்க முடியாது, பஞ்ச் செய்து கோப்பில் கோர்க்கவும் முடியாது. பிளாஸ்டிக் கவரில் மடிக்காமல் வைத்தால் போதும்.

5. காகிதம் கைக்கு வந்தால் போதாது, எமிஸில் விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும்

தமிழ்நாட்டில் எல்லா மாணவருக்கும் எமிஸ் எண் உண்டு, அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற வேறுபாடு இல்லை. பழைய பள்ளி தன் கணினியில் டி.சி. போட்டு விடுவித்தால் பிள்ளையின் பெயர் காமன் பூல் என்ற பொதுத் தொகுப்புக்கு வரும். அங்கே இருந்துதான் நாங்கள் எடுத்து எங்கள் வகுப்பில் சேர்க்கிறோம். அது நடக்காவிட்டால் கையில் டி.சி. இருந்தும் எங்கள் திரையில் பிள்ளை வேறு பள்ளி மாணவியாகவே இருப்பாள். பாடப்புத்தகம், சீருடை போன்ற இலவசப் பொருட்களின் கணக்கெல்லாம் அந்தத் திரையை ஒட்டியே நடக்கிறது.

அதனால் பழைய பள்ளியை விட்டு வரும் முன் கேளுங்கள்: காமன் பூலுக்கு அனுப்பிவிட்டீர்களா? எமிஸ் எண் என்ன? அதில் எந்த செல்போன் எண் கொடுத்திருக்கிறது? அந்த செல்போன் எண் இப்போது உங்களிடம் இல்லை என்றால் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

தர்ஷினி விஷயத்தில் சிக்கல் இங்கேதான் முற்றியது. அவள் அப்பா டி.சி. வாங்கிக்கொண்டு வந்த பிறகே தேதி தவறு என்று நான் பார்த்துச் சொன்னேன். அவர் அடுத்த நாளே மேட்டுப்பாளையம் இறங்கினார். அங்கே காகிதத்தில் திருத்திக் கையெழுத்து போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் பெயர் ஏற்கெனவே பொதுத் தொகுப்புக்குப் போயிருந்ததால் அவர்கள் திரையில் அவள் இல்லை, திருத்தவும் வழி இல்லை. நாங்கள் முதலில் அவளை எடுத்துச் சேர்த்து, எங்கள் பதிவேட்டில் பிறப்புச் சான்றிதழ்படி சரியான தேதியை எழுதி, அதன்பின் எங்கள் பக்கம் இருந்து திருத்தம் கேட்டோம். டி.சி. போடும் முன்னால் கேட்டிருந்தால் அந்தப் பள்ளியின் மேசையிலேயே முடிந்திருக்கும். ஃபேக்டரி சீசனில் அவருக்கு இரண்டு நாள் லீவு போனதுதான் மிச்சம்.

6. டி.சி. தாமதமானால்

கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 5ஆம் பிரிவு, அரசு அல்லது அரசு உதவிபெறும் பள்ளிக்கு மாறுகிற பிள்ளைக்குத் தலைமையாசிரியர் உடனே டி.சி. தர வேண்டும் என்கிறது. டி.சி. வரத் தாமதம் என்ற காரணத்துக்காக அந்தப் பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. இந்த உரிமை எட்டாம் வகுப்பு வரைக்கும், ஆறு முதல் பதினான்கு வயதுக்கும். உதவி பெறாத தனியார் பள்ளிக்கு மாறுவதற்கு இந்தப் பிரிவு கை கொடுக்காது.

கட்டணப் பாக்கிக்காக டி.சி.யைப் பிடித்துவைக்கக் கூடாது, பாக்கி இருக்கிறது என்று டி.சி.யில் எழுதவும் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாக்கி இருந்தால் அதை வசூலிக்கச் சட்டப்படி வேறு வழி இருக்கிறது. வாய்த்தகராறு வேண்டாம். மனுவை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியோடு பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் அதே மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்த ரசீதோடு வட்டாரக் கல்வி அலுவலரிடமோ மாவட்டக் கல்வி அலுவலரிடமோ போகலாம்.

7. கேரளா, கர்நாடகாவில் இருந்து வருகிறவர்கள்

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இது அன்றாடம். வயநாட்டிலோ குண்டல்பேட்டையிலோ படித்த பிள்ளை இங்கே வரும். வெளிமாநில டி.சி.யில் அந்த மாநிலக் கல்வி அலுவலரின் மேலொப்பம் கேட்பார்கள். இங்கே வந்து தெரிந்துகொண்டு திரும்பிப் போவதைவிட, அங்கே டி.சி. வாங்கும் நாளிலேயே அந்த அலுவலகத்துக்கும் ஒரு நடை போய்விடுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு எமிஸ் எண் இருக்காது. நாடு முழுதும் உள்ள யூடைஸ் என்ற மாணவர் பதிவில் பென் எண் என்று ஒன்று இருக்கும். பழைய மதிப்பெண் அட்டையிலோ டி.சி.யிலோ அதை எழுதி வாங்கி வாருங்கள். இங்கே எடுக்கும்போது அந்த எண்ணும் பிறந்த தேதியும் சேர்ந்து பொருந்த வேண்டும். தேதி ஒரு நாள் மாறினாலும் தேடலில் பிள்ளை கிடைக்காது. மலையாளத்திலோ கன்னடத்திலோ மட்டும் இருக்கும் சான்றிதழுக்கு ஆங்கிலப் பிரதியும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

8. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ்

இவை இல்லாததால் சேர்க்கை நிற்காது, உதவித்தொகைதான் நிற்கும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கொடுத்து விண்ணப்பிக்கலாம். பெற்றோரில் ஒருவருடைய சாதிச் சான்றிதழ் இருந்தால் வேலை சுலபம். பழங்குடி என்றால் வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியர் தர வேண்டும், கள விசாரணையும் நடக்கும். இருளர், குறும்பர், பணியர் குடும்பங்களில் இதைக் கடைசி நேரத்தில் ஆரம்பித்துத் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். பள்ளி தொடங்குவதற்குப் பல வாரம் முன்பே விண்ணப்பியுங்கள்.

உதவித்தொகைக்குப் பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு, அதோடு ஆதார் இணைப்பு. தபால் அலுவலகத்திலும் தொடங்கலாம்.

9. போட்டோ

பாஸ்போர்ட் அளவு எட்டு, ஸ்டாம்ப் அளவு நான்கு. விண்ணப்பத்துக்கு ஒன்று, அடையாள அட்டைக்கு ஒன்று, பஸ் பாஸுக்கு ஒன்று, வங்கிக் கணக்குக்கு இரண்டு, உதவித்தொகை விண்ணப்பத்துக்கு ஒன்று. மீதி இரண்டு வருடத்தின் நடுவில் யாராவது கேட்பார்கள். அப்பா, அம்மாவுடையது ஆளுக்கு இரண்டு. நான்கு போட்டோ எடுத்தால் போதும் என்று வருகிறவர்கள் ஜூலையில் மறுபடி ஸ்டுடியோவுக்குப் போகிறார்கள். அப்போது முடி வெட்டியிருக்கும், விண்ணப்பத்தில் ஒரு முகம், அட்டையில் ஒரு முகம்.

வெளிர் பின்னணி. குரங்குக் குல்லாவையும் மப்ளரையும் கழற்றிவிட்டு எடுங்கள். குளிருக்காக ஸ்வெட்டர் இருக்கலாம், காலர் கழுத்தை மூடாமல் இருந்தால் சரி. இரண்டு காதும் தெரிய வேண்டும். வீட்டு வாசலில் மூடுபனியில் செல்போனில் எடுத்த படம் சாம்பல் பூத்தது போல் வரும், வேண்டாம்.

ஈரம் இங்கே பெரிய எதிரி. ஜூன், ஜூலை மழையில் போட்டோக்களை முகத்தோடு முகம் ஒட்ட கவரில் போட்டு வைத்தால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பிரித்தால் கன்னம் ஒரு பக்கம் போய்விடும். முகமும் முதுகுமாக அடுக்கி, நடுவில் ஒரு பட்டர் பேப்பர் வையுங்கள். லேப் பிரிண்ட் கேளுங்கள். சில கடைகளின் இங்க்ஜெட் பிரிண்ட் ஒரு சொட்டு மழை பட்டால் வழிந்துவிடும். பின்பக்கம் பெயரையும் வகுப்பையும் பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா அழுத்தினால் முகத்தில் கோடு தெரியும், ஜெல் பேனா மை அடுத்த போட்டோவில் ஒட்டும். பின் அடிக்காமல் பசையால் ஒட்டுங்கள். ஸ்டுடியோக்காரரிடம் படத்தை செல்போனுக்கும் அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

10. சேர்க்கை நாள்

அசல் டி.சி. புதுப் பள்ளியின் கோப்பிலேயே தங்கிவிடும், திரும்ப வராது. கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் மூன்று ஜெராக்ஸ் எடுங்கள், செல்போனில் ஒரு படமும். மற்ற எதிலும் அசலைக் காட்டினால் போதும், நகலைத்தான் கொடுக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் அசலை யாராவது வாங்கிவைத்துக்கொண்டால் அங்கேயே திரும்பக் கேளுங்கள்.

கோப்பில் மேலிருந்து கீழாக இப்படி அடுக்குங்கள்: விண்ணப்பம், டி.சி. அசல், பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் ஆதார், கடைசி மதிப்பெண் அட்டை, சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பெற்றோர் ஆதார். ஒவ்வொரு நகலிலும் பெற்றோர் கையெழுத்து. ரத்த வகை தெரிந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி முன்னால் வையுங்கள், அடையாள அட்டைக்குக் கேட்பார்கள். ஜெராக்ஸ் வேலையை முந்தின நாளே முடியுங்கள். காலையில் கரண்ட் போனால் கோத்தகிரி பஜாரில் ஒரு கடையிலும் மிஷின் ஓடாது.

கிளம்பும் முன் சேர்க்கை எண்ணை எழுதி வாங்குங்கள். ஒரு வாரம் கழித்து வந்து, எமிஸில் பிள்ளை எங்கள் பள்ளியின் பெயரில் வந்துவிட்டாளா என்று திரையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் சலித்துக்கொள்வோம், ஆனாலும் காட்டுவோம். தர்ஷினியின் அப்பா மூன்றாவது முறை வந்தபோதுதான் திரையில் 03.11.2014 என்று இருந்தது. அதை செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார்.